அல்சூரில் வீடு வாடகைக்கு: முதல் மாடி, 2 பெட்ரூம், மாதம் 28,000

பெங்களூரு அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீட்டின் முதல் மாடி, ஜூன் 1 முதல் காலி. கீழே நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம். புரோக்கர் கிடையாது, கமிஷனும் கிடையாது.

வாடகை 28,000 ரூபாய். தண்ணீர், மாடிப்படி விளக்கு, பெருக்குகிற அம்மாவின் சம்பளம் எல்லாம் சேர்த்து பராமரிப்பு 1,500. ஆக மாதம் 29,500, ஐந்தாம் தேதிக்குள். அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, அதாவது 1,40,000. இந்த ஊரில் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து மாதம் கேட்பார்கள், எங்களுக்கு அதில் விருப்பமில்லை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க 15,000 பிடித்துக்கொண்டு, மீதியைச் சாவி வாங்குகிற அன்றே கொடுத்துவிடுவோம். இதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறேன். ஒப்பந்தம் 11 மாதம், புதுப்பிக்கும்போது 5 சதவீதம் ஏறும். காலி செய்வதானால் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும், எங்களுக்கும் அதே கணக்குதான். லீஸுக்கு விடுவதில்லை.

வீடு 850 சதுர அடி, கிழக்கு வாசல். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, சின்னதாக ஒரு பூஜை அலமாரி, துணி காய வைக்க பால்கனி. இரண்டு கழிப்பறை, ஒன்று வெஸ்டர்ன், ஒன்று இந்தியன். கீசர் ஒன்றில்தான் இருக்கிறது. பெரிய அறையில் சுவரலமாரியும் லாஃப்டும் உண்டு. சின்ன அறை உண்மையிலேயே சின்னது. ஒரு கட்டில் போட்டால் மேசைக்கு இடம் இருக்காது, படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கீழே 6,000 லிட்டர் சம்ப் இருப்பதால் சமாளிக்கலாம். போர்வெல் தண்ணீர் உப்பு, துணி துவைக்கவும் தரை துடைக்கவும் மட்டும். 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் வாங்கினோம். மறுபடி அப்படி வந்தால் அந்தச் செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. கரண்ட்டுக்குத் தனி மீட்டர். முன்பு இருந்தவர் கிருஹ ஜோதியிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டார், ஒப்பந்தத்தை வைத்து நீங்கள் பதிந்துகொள்ளலாம்.

கார் நிறுத்த இடம் இல்லை. தெருவில் டாடா ஏஸ் வரை நுழையும், பெரிய லாரி நுழையாது. சாமான் ஏற்றி வருகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டுக்குள் இரண்டு பைக் விடலாம். லிஃப்ட் கிடையாது, 18 படி. கோயில் மணி காலையில் நன்றாகவே கேட்கும், தேர்த் திருவிழா சமயத்தில் மேளமும் சேர்ந்துகொள்ளும். விடிய விடிய வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது.

ஹலசூரு மெட்ரோ நிலையத்துக்கு எட்டு நிமிட நடை. ஊதா வழி என்பதால் ஒயிட்ஃபீல்டு வேலைக்காரர்களுக்கு மாறாமல் ஒரே வண்டி. மெஜஸ்டிக்கும் நேர் வழிதான், அங்கே பச்சை வழிக்கு மாறிக்கொள்ளலாம். காய்கறி, மல்லிகைப்பூ, மளிகைக்கு பஜார் தெரு இருக்கிறது. அங்கே பாதிப் பேரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். இட்லி மாவுக் கடையும் மருந்துக் கடையும் தெரு முனையில். அல்சூர் ஏரிக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் இருபது நிமிடம் நடக்க வேண்டும். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 2009-ல் திறக்கப்பட்டதிலிருந்து, வருகிற உறவினர்களுக்கு வழி சொல்வது எங்களுக்குச் சுலபமாகிவிட்டது.

குடும்பமோ, வேலைக்குப் போகிற இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ, யாரானாலும் சரி. ஆதாரும் வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டையும் வேண்டும். சாதி, ஊர் கேட்பதில்லை. சைவமோ அசைவமோ உங்கள் இஷ்டம், மீன் கழுவிய தண்ணீரை மட்டும் பால்கனியிலிருந்து ஊற்றாதீர்கள், கீழே என் துளசிச் செடி இருக்கிறது. நாய் வேண்டாம், மாடிப்படி ஒன்றுதான், என் மனைவிக்குப் பயம்.

வீடு பார்க்கும் நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 முதல் 8 வரை. சனிக்கிழமை காலை 10.30 முதல் 1 வரை, மாலை 4 முதல் 7 வரை. ஞாயிறு காலை 10 முதல் 1 வரை மட்டும். ஞாயிறு மாலையும் வைத்துப் பார்த்தேன், 4.30-க்கு மேல் ராகு காலம் என்று வந்தவர்களே வாசலோடு திரும்பிப் போனார்கள். மதியம் 2 முதல் 4 வரை தயவுசெய்து மணி அடிக்காதீர்கள், தூங்கும் நேரம்.

வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இங்கேயே ஒரு மெசேஜ் போடுங்கள், மேலே விளக்கெல்லாம் போட்டு வைக்கிறேன். நேரில் தெருப்பக்கம் வந்தவர்களுக்கு, பச்சை கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையில் போன் எண் இருக்கிறது. டோக்கன் அட்வான்ஸ் 5,000, வீட்டைப் பார்த்த பிறகுதான் வாங்குவேன். பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.