மெஸ்ஸுக்கு ஃபிரிட்ஜும் பூச்சி ஒழிப்பும் வேண்டி

அனுப்புநர்: சமையல்காரர், மாணவர் விடுதி மெஸ், தண்டையார்பேட்டை, சென்னை.
பெறுநர்: விடுதிக் காப்பாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மெஸ் ஃபிரிட்ஜில் சத்தம் மட்டும்தான் வருகிறது, குளிர் இல்லை. பால், தயிர், மீன் எல்லாம் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. காலையில் அரைத்த மாவு ராத்திரிக்குள் பொங்கிப் புளித்துவிடுகிறது. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் மலிவாகக் கிடைத்தும் வாங்கி வைக்க வழியில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் ஐயா.

அப்புறம் எலியும் கரப்பானும். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையையே கடித்துவிடுகின்றன. பின்பக்கச் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எலி அதன் வழியாகத்தான் வருகிறது. அதை அடைக்காமல் என்ன செய்தாலும் திரும்ப வந்துவிடும். அடுப்படியில் ஸ்பிரே அடிக்க வேண்டாம். கரப்பானுக்கு ஜெல் வைக்கட்டும், எலிக்கு விஷம் இல்லாமல் பொறி வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஆள் வந்தால் நல்லது. பாத்திரம், மளிகை எல்லாவற்றையும் நாங்கள் மூடி எடுத்து வைத்துவிடுவோம்.

வீட்டை விட்டு வந்து நம்மை நம்பிச் சாப்பிடுகிற பிள்ளைகள். என் சாப்பாட்டால் ஒரு பிள்ளை வயிற்றுப்போக்கில் படுத்தாலும் எனக்குத் தாங்காது. தயவுசெய்து இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மெஸ் சமையல்காரர்