ஏழு பேருக்கு ஏழு பாட்டு

துறைத்தலைவர் அவர்களே, உடன் பணியாற்றும் நண்பர்களே, பெற்றோர்களே, இன்னும் சில நாள்களில் என்னை எதிரில் பார்த்தால் ஒளிய வேண்டிய தேவை இல்லாத என் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கணிதத் துறை வழியனுப்பு விழாவில் புள்ளிவிவரம் வாசிப்பதுதான் வழக்கம். தேர்ச்சி விழுக்காடு, சராசரி மதிப்பெண் எல்லாம் உங்கள் சான்றிதழிலேயே இருக்கின்றன. அதனால் நான் பாட்டுப் பெட்டியோடு வந்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பாட்டு. தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வகைப் பாட்டுகளை ஒதுக்கினேன்: பிரிவைச் சொல்லி அழவைப்பவை, 'நீ உலகையே வெல்வாய்' என்று முழங்குபவை. நீங்கள் எதை வெல்வீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வகுப்பறையில் உங்களிடம் நான் பார்த்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பொருத்தமான பாட்டுதான் உங்களுக்கு. பல்லவி ஒலித்ததும் நிறுத்திவிட்டு அடுத்தவருக்குப் போவோம்.

முதலில் ஜெரால்டு. உனக்கு 'மண்ணில் இந்தக் காதலன்றி'. 1990இல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில் எஸ்.பி.பி. பாடியது. பெற்றோர் பதற வேண்டாம், காதலுக்காக இதை எடுக்கவில்லை. மூச்சு விடுகிறாரா இல்லையா என்று கேட்பவர்களைத் திணறவைக்கும் பாட்டு இது. கருத்தரங்கில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இருபத்தைந்து நிமிடம் பேசியும் முன்னுரையைத் தாண்டாதவன் நீ. உனக்கு இதைவிட்டால் வேறு பாட்டு ஏது?

அடுத்து முத்துவேல். சிரிக்காதீர்கள். 'தூங்காதே தம்பி தூங்காதே' என்று நீங்கள் எல்லோரும் மனதுக்குள் பாட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. முதல் மணிநேர வகுப்பில் முன்வரிசையிலேயே உட்கார்ந்து தூங்குவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவன் இரவெல்லாம் அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வகுப்புக்கு வருகிறவன் என்பது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. விரலில் மையோடு வகையீட்டுச் சமன்பாடு போட்டவனுக்கு அந்தப் பாட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய இன்னொரு பாட்டைக் கொடுக்கிறேன்: 'செய்யும் தொழிலே தெய்வம்'. உழைப்பவர்களைப் பற்றி அவரைப்போல எழுதியவர்கள் குறைவு. 29 வயதிலேயே மறைந்துவிட்டார். முத்துவேல், இந்த வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கு.

தேவி. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேற்றத்தை நான் கரும்பலகை நிறைய எழுதி, பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து, "ஐயா, இது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லுங்கள்" என்றாய். வகுப்பே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. உனக்கு 'பாடறியேன் படிப்பறியேன்'. 1985இல் வந்த 'சிந்து பைரவி' படப்பாட்டு. பெரிய வித்துவானின் கச்சேரியில் ஒரு பெண், மக்களுக்குப் புரியும் மொழியில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். அப்படியானால் நீயே பாடு என்றதும் நாட்டுப்புற மெட்டில் தொடங்குகிறாள். அது போகிற போக்கில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய்ச் சேர்கிறது. காம்போதி ராகத்தில் இருந்த அந்தக் கீர்த்தனையை இளையராஜா சாரமதியில் அமைத்தார். சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. இதில் நான் பார்ப்பது விருதை அல்ல, வரிசையைத்தான். தெரிந்த மெட்டில் தொடங்கினால் கேட்பவர் கடினமான இடத்துக்கும் கூடவே வந்துவிடுவார். அதன் பிறகு நான் பாடம் நடத்தும் வரிசையை மாற்றிக்கொண்டேன். எடுத்துக்காட்டு முதலில், தேற்றம் பிறகு. உனக்குப் பின்னால் வருகிற மாணவர்கள் உனக்குக் கடன்பட்டவர்கள்.

வெற்றி, உனக்கு 'இது ஒரு பொன்மாலைப் பொழுது'. 1980, 'நிழல்கள்'. வைரமுத்துவுக்கு இதுதான் முதல் திரைப்பாட்டு. கடைசி மணிநேரத்தில் சன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, விடைத்தாளின் பின்பக்கத்தில் கவிதை எழுதியவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கவிதைக்கு மதிப்பெண் போடவில்லை என்று இன்னும் கோபமா? நன்றாகத்தான் இருந்தது, அப்பா. கேள்வி தொகையீட்டைப் பற்றியது.

நிலோஃபர். உனக்கு 'ஆயிரம் நிலவே வா', 1969, 'அடிமைப்பெண்'. இதற்கு ஒரு கதை உண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அப்போது புதியவர். பாட்டுக்கு ஒத்திகை எல்லாம் முடிந்த நேரத்தில் டைஃபாய்டு காய்ச்சலில் விழுந்துவிட்டார். வேறொருவரைப் பாடவைத்துவிடுவார்கள் என்றுதான் அவரே நினைத்தார். எம்.ஜி.ஆர். பதிவைத் தள்ளிவைத்து, அவர் தேறி வரும்வரை காத்திருந்தார். சென்ற ஆண்டு துறை நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ மஞ்சள் காமாலையில் படுத்தாய். 'வேறு ஆளைப் போட்டுவிடலாம்' என்று சொன்னது நான்தான். அரங்கத்தை வேறு நாளுக்கு மாற்றிவாங்கி, உனக்காகக் காத்திருந்தது இந்த ஆறு பேர். எனவே பாட்டு உன் பெயரில் இருந்தாலும் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கார்த்திகா, இதைச் சொல்லலாமா என்று நேற்றுக் கேட்டேன். சொல்லுங்கள் என்றாய். இரண்டாம் ஆண்டு இறுதியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பத்தோடு என் அறைக்கு வந்தாய். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. திங்கள்கிழமை கையெழுத்துப் போடுகிறேன், அதுவரை இது என் மேசையில் இருக்கட்டும் என்றேன். உனக்கு 'மயக்கமா கலக்கமா'. 1962இல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுத, பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடியது. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் சலித்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார் கவிஞர் வாலி. அப்போது ஸ்ரீனிவாஸ் வந்து, தாம் புதிதாகப் பாடிய இந்தப் பாட்டைப் பாடிக்காட்டினார். வாலி பயணத்தைக் கைவிட்டார். பிறகு கண்ணதாசனுக்கே போட்டி என்று பேசப்படும் அளவுக்கு வளர்ந்தார். போட்டியாளரைத் தன் பாட்டாலேயே சென்னையில் தங்கவைத்துவிட்டார் கண்ணதாசன்! வாலியே பலமுறை சொன்ன செய்தி இது. உன் கதையில் ஸ்ரீனிவாஸ் யார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சனி, ஞாயிறில் யார் உன்னோடு பேசினார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. திங்கள்கிழமை நீ வந்து விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நேராக மெய்ப்பகுப்பாய்வு வகுப்பில் போய் உட்கார்ந்தாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கடைசியாக ஷாலினி. மூன்று ஆண்டுகளில் நீ வகுப்பில் பேசிய சொற்களை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். அவற்றில் பாதி 'இல்லை ஐயா, மூன்றாம் வரியில் குறி மாறியிருக்கிறது' என்பதுதான். அது ஒருமுறைகூடத் தவறாகவில்லை என்பது என் வருத்தம். உனக்குச் சொற்களே இல்லாத இசை. 1986இல் இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதிலிருந்து, பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதியை எடுத்திருக்கிறேன். ஒரு வயலின் ஒன்றைச் சொல்ல, இன்னொன்று குறுக்கிட்டுத் திருத்துகிறது. யார் நினைவுக்கு வருகிறார் என்று நான் சொல்லப் போவதில்லை.

இதை மட்டும் பாதியில் நிறுத்தாமல் முழுவதுமாகக் கேட்போம். முடிந்ததும் குழுப்படம். உயரமானவர்கள் பின்வரிசை, பெற்றோர் இருபுறமும். ஜெரால்டு, நன்றியுரை உன்னுடையது. ஐந்து நிமிடம்தான்.