மல்லிகா, முதலில் ஏதாவது சாப்பிடு

மல்லி,

கர்ப்பம் பார்க்கிற கிட்டின் படம் வந்தது. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். அதற்குக் கீழே, "சந்தோஷமே வரலடி, பயம்தான் வருது, நான் என்ன பொம்பள" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் எனக்குக் கோபம். வீட்டுக்காரர் எர்ணாகுளத்தில், நீ குமுளியில் தனியாக, ஸ்டோர் வேலை வேறு. காலையில் திடீரென்று இப்படி ஒன்று தெரிந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். பயம் வந்ததால் பிள்ளை மேல் ஆசையில்லை என்று ஆகிவிடாது.

போன வாரம் ஜீப்பில் வண்டன்மேடு வரை குலுங்கிக் குலுங்கிப் போனாயே, அதை நினைத்துத்தான் பாதிப் பயம் என்று தெரியும். எஸ்டேட் ஜீப்பில் போனதால் கரு கலைந்துவிடாது. காய்ச்சலுக்குப் போட்டது பாராசிட்டமால்தானே? அதற்கும் பயப்படாதே, டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடு. ஒன்றில்தான் நான் கண்டிப்பு: ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற நாளில் தோட்டத்துப் பக்கமே போகாதே. மேஸ்திரியிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தலைவலி என்று சொல்.

இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்த்தால் போதும், இன்றே ஓட வேண்டாம். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாள் எது என்று கேட்பார்கள், வாரக்கணக்கு அங்கிருந்துதான். ஸ்கேனை அவசரப்பட்டு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் வீணாகப் பதறுவாய். எப்போது என்று அவரே சொல்லட்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் தள்ளிப்போடாதே, பிள்ளையின் முதுகுத்தண்டு ஆரம்பத்திலேயே உருவாகிவிடும். உங்கள் வார்டு ஆஷா சேச்சியிடம் கேட்டால் வழி சொல்வார். இரத்தம் பட்டாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ மட்டும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. ராத்திரியானாலும் எனக்குப் போன் போடு.

வீட்டில் எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். வீட்டுக்காரரிடம் இன்று ராத்திரி சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, பாவம் அந்த மனுஷனும் கொஞ்சம் நடுங்கட்டுமே. அத்தையிடம் சொன்னால் மறுநாளே தெருவுக்கே தெரியும், அது உனக்கே தெரியும். இப்போது முடியவே முடியாது என்று உன் மனசு சொன்னாலும் என்னிடம் சொல்லலாம், முகம் சுளிக்க மாட்டேன். அதற்கும் சட்டப்படி வழி இருக்கிறது, பெரியவளான உன் சம்மதம் போதும், வேறு யார் கையெழுத்தும் வேண்டாம். எதுவானாலும் டாக்டர் அறைக்குள் நானும் வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன். பன்னீர் திராட்சை கொண்டு வருகிறேன், நன்றாகக் கழுவித்தான் தருவேன். குமட்டுகிறது என்றால் இப்போதே சொல், எலுமிச்சை ஊறுகாயும் எடுத்து வைக்கிறேன். குழம்பு வைக்காதே, சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, மணி பதினொன்றாகிவிட்டது. ஒரு தோசையாவது சாப்பிட்டாயா? பதில் போடு.

செல்வி