ட, ப, ம எழுதிப் பழகலாம் வாங்க (எல்.கே.ஜி, யு.கே.ஜி குட்டீஸுக்கு)

அம்மா அப்பாவுக்கு முதல்ல: விஜயதசமி அன்னைக்கு அரிசில 'அ' எழுத வெச்சிருப்பீங்க, அது ரொம்ப நல்லது, ஆனா பென்சில் பிடிச்சு எழுத ஆரம்பிக்கும்போது 'அ' கஷ்டம், சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்துல வந்துடுது. அதான் இந்த ஷீட் 'ட'வுல ஆரம்பிக்குது, ரெண்டே கோடு. ஏ4 பேப்பர்ல படுக்கை வாக்குல பிரிண்ட் எடுங்க, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல 3 செ.மீ. இருக்கற மாதிரி பெருசு பண்ணிக்கோங்க. ரெட்டைக்கோடு நோட்டு சைஸுக்கு இப்பவே போக வேண்டாம், சின்ன விரலுக்கு அந்த இடம் பத்தாது.

செல்லம், ● இருக்கற இடத்துல பென்சிலை வை, அம்பு போற பக்கம் போ!

ட

● ↓ →

மேல் கோட்டுல இருந்து நேரா கீழ சர்ருனு இறங்கு, கீழ் கோட்டை தொட்டதும் வலது பக்கம் போ. பென்சிலை எடுக்காத.

────────────────────
ட   ட   ட   ட
────────────────────

இது மேலயே எழுது. இப்ப நீயே எழுது, முதல் எழுத்து மட்டும் நான் எழுதிட்டேன்:

────────────────────
ட
────────────────────

(சில பிள்ளைங்க கீழ வந்ததும் இடது பக்கம் திரும்பிடுவாங்க, கண்ணாடில பாக்கற மாதிரி 'ட' வரும். திட்டாதீங்க ப்ளீஸ். வலது கைல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி விட்டு "பேண்ட் இருக்கற பக்கம் போ"ன்னு சொல்லுங்க.)

ப

● ↓ → ↑

'ட' மாதிரியே போய் கடைசில மேல ஏறு. ரெண்டு சுவரும் ஒரே உயரம்! மேல மூடாத, திறந்தே இருக்கட்டும்.

────────────────────
ப   ப   ப   ப
────────────────────

────────────────────
ப
────────────────────

ம

● ↓ → ↑ ↶ ↓

இதுதான் இன்னைக்கு பெரிய வேலை, மெதுவா போ. கீழ, வலது பக்கம், மேல, வரைக்கும் 'ப' தான். உச்சிக்கு வந்ததும் நிக்காம இடது பக்கமா வளைஞ்சு நடுவுல இறங்கி கீழ் கோட்டை தொடு.

────────────────────
ம   ம   ம
────────────────────

────────────────────
ம
────────────────────

மூணு எழுத்தும் சேந்தா வார்த்தை வந்துடுச்சு பாரு! புள்ளியை கடைசில தலை மேல வை.

────────────────────
ப   ட   ம்
────────────────────

────────────────────
ப   ட்   ட   ம்
────────────────────

எழுதியாச்சா? பின்பக்கம் ஒரு பெரிய பட்டம் வரைஞ்சு வால் போட்டு கலர் அடி. கை வலிச்சா 'ம' நாளைக்கு.