ஒரு அடி குறைகிறது

பர்மாவில் பெகுவுக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தமிழ்க் கிராமத்தில், மாரியம்மன் கோயிலை ஒட்டி மண்டபம் எழும்புகிறது. கீழே அன்னதானக் கூடம், மேலே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. ஊர்க்காரர்கள் நெல் விற்ற காசில் வருஷக்கணக்காகச் சேர்த்த பணம் அது. திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வந்துவிட்டால் ஏப்ரலில் ஆள் கிடைக்காது. மே மாதம் பாதியில் மழை பிடித்துக்கொண்டால் அந்தக் களிமண்ணில் தோண்டிய குழி எல்லாம் குளம்தான். அதனால் மார்ச் முடிவதற்குள் கடைக்கால் போட்டாக வேண்டும் என்று செயலாளர் தினமும் வந்து நின்றார். மறுநாள் காலை பூசைக்கு நேரமும் குறித்தாகிவிட்டது.

அன்று காலையில் சின்னையா மேஸ்திரி நான்கு மூலைகளையும் நிறுத்தினார். நீளம் 36 அடி, அகலம் 27 அடி. முதல் மூலையில் 3, 4, 5 வைத்துச் செங்கோணம் பிடித்து, குத்துக்கட்டை அடித்து, நூல் கட்டி, கடைசியில் மூலைக்கு மூலை டேப் இழுத்தார். இந்தப் பக்கம் 45 அடி. அந்தப் பக்கமும் 45 அடி. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"பார்த்தியா, இது தப்புன்னா பூமியே தப்புன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, குன்யா என்கிற பர்மிய வெற்றிலைச் சுருளை வாயில் போட்டுக்கொண்டு நிழலுக்குப் போனார். அவருக்கு அந்தப் பெருமைக்கு உரிமை உண்டு. மூலைவிட்டம் இரண்டும் இப்படி ஒத்துப்போவதற்குக் கை பழக வேண்டும்.

தன்னிடம் வேலை பழகும் கதிரிடம் கடைக்கால் வரைபடத்தைக் கொடுத்திருந்தார். நடுத் தூண்களுக்கு அளவு எழுதி வைக்க வேண்டியது அவன் வேலை. நீளவாட்டில் ஏ, பி, சி, டி என்று நான்கு வரிசை. மேஸ்திரி தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு பத்தியாக டேப்பை எடுத்து எடுத்து வைக்க விடமாட்டார். அப்படி வைத்தால் ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் நழுவும், கடைசித் தூணில் எல்லாம் சேர்ந்து நிற்கும். ஏயிலிருந்து டேப்பை ஒரே இழுப்பாக இழுத்து, போகிற வழியில் குறி போட வேண்டும். அதற்கு அளவுகளைக் கூட்டிக்கொண்டே எழுத வேண்டும்.

சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கிழித்துக் கதிர் எழுதினான். ஏயிலிருந்து பி, 12 அடி. பியிலிருந்து சி, 10 அடி 6 அங்குலம், கூட்டினால் 22 அடி 6 அங்குலம். சியிலிருந்து டி, 12 அடி 6 அங்குலம். கூட்டினால் 35.

வரைபடத்தின் ஓரத்தில் மொத்த நீளம் 36 என்று தெளிவாக இருந்தது.

மறுபடி கூட்டினான். அங்குலத்தைத் தனியாக, அடியைத் தனியாகக் கூட்டினான். 35தான் வந்தது. குறுக்குவாட்டில் பார்த்தான்: 13 அடி 6 அங்குலம் இரண்டு தடவை, 27. அது சரி. நீளத்தில் மட்டும் ஒரு அடி எங்கேயோ போய்விட்டது.

எழுந்து மேஸ்திரியிடம் போக நினைத்தான். கால் வரவில்லை. காலையில்தான் அவர் அப்படிச் சொன்னார். அவர் போட்ட நான்கு மூலையிலும் குற்றமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். மூலைவிட்டம் மூலைகளைத்தான் சோதிக்கும். உள்ளே நிற்கும் பியும் சியும் எங்கே விழுகின்றன என்று அது சொல்லாது. இதை எப்படிச் சொல்வது? வரைந்தவர் ரங்கூனில் படித்தவர், எல்லாரும் மரியாதையாக சயா என்று கூப்பிடுகிறவர். கதிர் வந்து சேர்ந்தது போன மழைக்கு அப்புறம்தான்.

அப்புறம் அவனுக்குத் தரைத்தளத் தாள் ஞாபகம் வந்தது. அதை எடுத்து விரித்தான். அதில் சுவருக்குச் சுவர் உள்ளளவு போட்டிருந்தது: 11 அடி 3 அங்குலம், 9 அடி 9 அங்குலம், 12 அடி 9 அங்குலம். சுவர் 9 அங்குலம். நடுவிலிருந்து நடுவுக்கு வேண்டுமென்றால் இந்தப் பக்கம் பாதிச் சுவர், அந்தப் பக்கம் பாதிச் சுவர், ஆக ஒரு முழுச் சுவரைச் சேர்க்க வேண்டும். முதல் பத்தி 12. சரி. இரண்டாவது 10 அடி 6 அங்குலம். அதுவும் சரி. மூன்றாவது 13 அடி 6 அங்குலம். கடைக்கால் தாளில் 12 அடி 6 அங்குலம் என்று இருந்தது இதுதான். 3 இருக்க வேண்டிய இடத்தில் 2.

"மாமா."

"என்னடா, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா. சி, டி நடுவுல ஒரு அடி குறையுது."

மேஸ்திரி துப்பிவிட்டு வந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். பேசாமல் டேப்பின் முனையை அவன் கையில் கொடுத்து ஏ கட்டையில் பிடிக்கச் சொன்னார். 22 அடி 6 அங்குலத்தில் நூலின் மேல் குறி போட்டார். அங்கிருந்து டி கட்டை வரை தனியாக இழுத்தார். 13 அடி 6 அங்குலம். நிமிர்ந்து, அந்தப் பக்கம் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தார்.

"அங்க யாரும் கை வைக்காதீங்க. டியிலேர்ந்து ஆரம்பிக்கிறதா இருந்தீங்களே, வேண்டாம்."

அப்போதுதான் கதிருக்கும் புரிந்தது. ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒன்று ஏயிலிருந்தும் ஒன்று டியிலிருந்தும் தோண்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. டியிலிருந்து வருகிறவர்கள் தாளைப் பார்த்து 12 அடி 6 அங்குலத்தில் சி குழியைத் தோண்டியிருப்பார்கள். மேல்மாடியைத் தாங்கும் தூண் ஒரு அடி தள்ளி நின்றிருக்கும்.

செயலாளருக்கு முகம் வாடிவிட்டது. "மேஸ்திரி, மூலையெல்லாம் சரின்னுதானே சொன்னீங்க? ஒரு அடிதானே, நீங்களே பார்த்துப் போட்டுடுங்களேன். காலையில பூசை இருக்கு."

"பையன் சொல்றதுதான் சரியா இருக்கும்னு எனக்கும் தோணுது ஐயா. ஆனா சயா சொல்லாம நான் நம்பரை மாத்த மாட்டேன். அந்தப் பத்தியில உத்தரத்துக்குக் கம்பி எவ்வளவுன்னு அவர் எந்த நீளத்துக்குக் கணக்குப் போட்டார்னு எனக்குத் தெரியாது. பன்னிரண்டரைக்குப் போட்ட கம்பி பதிமூன்றரையைத் தாங்குமான்னு அவர்தான் சொல்லணும்."

போனை எடுத்துக் கதிரிடம் நீட்டினார். "நீ பேசு."

"நானா மாமா?"

"கண்டுபிடிச்சது நீதானே. எனக்குத் தெரிஞ்சதை விட உனக்குத் தெளிவா இருக்கு."

சயா முதலில் அவசரத்தில் இருந்தார். மொத்தம் 36தான், அதன்படி போட்டுக்கொள்ளுங்கள் என்று பர்மியத்தில் சொன்னார். கதிருக்கு வாய் உலர்ந்தது. ஆனாலும் விடவில்லை. "ஹொக்கே, சயா. ஆனால் சியை ஏயிலிருந்து அளக்கவா, டியிலிருந்து அளக்கவா? இரண்டும் வேறு இடத்தில் விழுகிறது" என்று கேட்டான். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. இரண்டு தாளையும் படம் எடுத்து வைபரில் அனுப்பச் சொன்னார். அனுப்பினான்.

சாயங்காலம் பதில் வந்தது. உத்தரக் கணக்கு 13 அடி 6 அங்குலத்துக்குத்தான் போட்டது, கம்பி எண்ணிக்கையும் கனமும் மாறாது, வரைந்த தாளில்தான் எண் தவறு என்று எழுதி, திருத்திய இடத்தைச் சுற்றி வட்டமிட்டு, தேதி போட்டுப் புதுத் தாள் அனுப்பியிருந்தார். பழைய தாளின் மேல் மேஸ்திரி குறுக்கே கோடு போட்டு, யார் கையிலும் அகப்படாமல் தன் பையில் வைத்துக்கொண்டார். கம்பி கட்டுகிறவர் கடைசிப் பத்திக்கென்று ஏற்கெனவே வெட்டி வைத்த கம்பிகள் ஒரு அடி குட்டை. அவற்றை நடுப் பத்திக்கு ஒதுக்கிவிட்டு, கடைசிப் பத்திக்குப் புதிதாக வெட்ட ஆரம்பித்தார். கொஞ்சம் முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

பூசாரி காலையில் இன்னொரு நேரமும் இருக்கிறது என்றார். செயலாளருக்கு அது போதுமாக இருந்தது.

இருட்டுவதற்குள் மேஸ்திரியும் கதிரும் நடுத் தூண்களுக்கு நூல் கட்டினார்கள். கதிர் அளவைச் சத்தமாகச் சொன்னான், மேஸ்திரி குறி போட்டார். 12. 22 அடி 6 அங்குலம். 36. சுண்ணாம்புத் தூளைக் கோட்டின் மேல் தூவி முடித்ததும் மேஸ்திரி கைகழுவப் போகிற வழியில் நின்றார்.

"படிக்கட்டுத் தாள் ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு மாமா."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. எத்தனை படி, ஒரு படி எவ்வளவு உயரம்னு கூட்டி, மாடி உயரத்தோட ஒத்து வருதான்னு பாரு. காலையில எனக்குச் சொல்லு. நான் தனியா ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறேன்."