பொருள்: உளுந்து பில் – இன்று 11.40-க்கு வந்த வாட்ஸ்அப் உங்களுக்கானது இல்லை, அதை வைத்து பணம் அப்ரூவ் செய்ய வேண்டாம்

வணக்கம் செந்தில்குமார் சார்,

இன்று காலை 11.40-க்கு என் நம்பரில் இருந்து உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜும், அதன் கீழே `Ulundhu_Bill_Kanakku_v2.pdf` என்ற ஃபைலும் வந்திருக்கும். இரண்டும் அக்கவுண்ட்ஸ் செந்திலுக்குப் போக வேண்டியவை. ஆள் மாறி உங்களுக்கு அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். அந்த மெசேஜைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் சார். அதில் இருக்கும் ரூ. 5,73,040-ஐ நெட் பேங்கிங்கில் அப்ரூவ் செய்ய வேண்டாம்.

11.46-க்கு போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பீர்கள் என்று 11.48-க்கு இந்த மூன்று வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டேன்:

"சார், 11.40 மெசேஜ் அக்கவுண்ட்ஸ் செந்திலுக்கு அனுப்ப வேண்டியது, தவறி உங்களுக்கு வந்திருச்சு. 5,73,040 இறுதித் தொகை இல்லை, அப்ரூவ் பண்ண வேண்டாம். விவரம் மெயிலில் அனுப்புறேன் சார்."

விவரம் கீழே. கொஞ்சம் நீளமாக இருக்கும், தொகை சம்பந்தப்பட்டது என்பதால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு வந்த மெசேஜ் இதுதான்:

"தம்பி, சாக்கு கழிச்சு, தரத்துக்கு 200 குறைச்சுப் போட்டிருக்கேன். 5,73,040 வருது. RTGS என்ட்ரி ரெடி பண்ணி வையி. சார்ட்ட சொல்லிட்டேன். யாவாரி கேட்டா நான் பேசிக்கிறேன்."

இந்த மெசேஜை நான் அழிக்கவில்லை. 11.44-க்கே நீல டிக் வந்துவிட்டது. நீங்கள் படித்த பிறகு நான் அழித்தால், எதையோ மறைக்கிற மாதிரி ஆகிவிடும். PDF-ஐ மட்டும் `Delete for everyone` கொடுத்து எடுத்திருக்கிறேன். விருதுநகர் வியாபாரியின் பேங்க் அக்கவுண்ட் எண்ணும் பான் எண்ணும் அதில் இருக்கின்றன, அதனால்தான்.

"சார்ட்ட சொல்லிட்டேன்" என்ற வரியைத் தனியாக விளக்க வேண்டும். திங்கட்கிழமை போனில் உங்களிடம் நான் சொன்னது சாக்கு எடையைக் கழிப்பது பற்றி மட்டும்தான். அதற்குத்தான் சரி என்றீர்கள். தரத்துக்காக 100 கிலோவுக்கு 200 ரூபாய் கழிப்பதைப் பற்றி நான் உங்களிடம் பேசவே இல்லை, நீங்களும் ஒத்துக்கொள்ளவில்லை. சாக்கு விஷயத்தை மனதில் வைத்து செந்திலுக்கு எழுதிய வரி அது. படிப்பவர்களுக்கு மொத்தத் தொகைக்கும் உங்கள் சம்மதம் இருப்பதுபோல் தோன்றும். அப்படி ஒரு சம்மதம் இல்லை என்பதை இந்த மெயிலில் பதிவு செய்கிறேன். பின்னால் ஆடிட்டில் யாராவது அந்த மெசேஜைக் காட்டினால் இதையும் சேர்த்துக் காட்டலாம்.

"என்ட்ரி ரெடி பண்ணி வையி" என்றதும் அதே மாதிரிதான். ஓவன் ரிசல்ட் வரும்வரை எதையும் பேங்கில் ஏற்றக்கூடாது என்பது செந்திலுக்குத் தெரியும், நேற்றே பேசிவிட்டோம். அதனால் அதை மெசேஜில் திரும்ப எழுதவில்லை. அது தெரியாமல் படித்தால், அப்ரூவலுக்குத் தயாரான பில் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கணக்கு எங்கே நிற்கிறது என்றால்:

திருமங்கலம் எடைமேடைச் சீட்டின்படி வண்டி லோடோடு 8,640 கிலோ, காலியாக 3,640 கிலோ. ஆக 100 மூட்டையும் சாக்கோடு சேர்த்து 5,000 கிலோ. சாம்பிளுக்காகப் பிரித்த 10 மூட்டைகளின் காலிச் சாக்கை நிறுத்துப் பார்த்ததில் மொத்தம் 6 கிலோ, அதாவது சாக்குக்கு 600 கிராம். 100 சாக்குக்கு 60 கிலோ. நம் ஆர்டரில் "சாக்கு எடை நீங்கலாக" என்றே இருக்கிறது, வியாபாரி பில்லில் 5,000 கிலோவுக்கும் விலை போட்டிருக்கிறார். எனவே நிகர எடை 4,940 கிலோ. இதில் சந்தேகம் இல்லை, வியாபாரியும் போனில் ஒத்துக்கொண்டுவிட்டார்.

விலை 100 கிலோவுக்கு ரூ. 11,800. 49.40 குவிண்டாலுக்கு ரூ. 5,82,920 வருகிறது. 50 கிலோ மூட்டை என்பதால் ஜிஎஸ்டி கிடையாது.

PDF-இல் இருந்த 5,73,040 என்பது விலையை ரூ. 11,600 ஆக்கிப் போட்டது. வித்தியாசம் ரூ. 9,880. ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் 100 கிலோவுக்கு ரூ. 200 கழிக்கலாம் என்பது ஆர்டரில் உள்ள நிபந்தனை. கேட்டில் வைத்துப் பார்த்த மீட்டர் 13.1 காட்டியது. ஆனால் அந்த மீட்டர் முழு உளுந்துக்கு செட் செய்தது. வந்திருப்பது தோல் நீக்கிய உருட்டு உளுந்து. அந்த ரீடிங்கை வைத்துப் பணம் கழித்தால் வியாபாரி கேட்கும் முதல் கேள்விக்கே நம்மிடம் பதில் இருக்காது. அதனால்தான் லேபில் ஓவன் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். பிரித்த பத்தில் ஐந்து மூட்டையின் மேல், நடு, அடி என எடுத்துக் கலந்த சாம்பிள். மாலை 4 மணிக்கு ரிசல்ட் வரும். 5,73,040 என்பது "கழிக்க வேண்டி வந்தால் எவ்வளவு வரும்" என்று பார்க்கப் போட்ட கணக்கு மட்டுமே. ஃபைலில் "வரைவு" என்று எங்கும் எழுதாமல் விட்டதும் என் தவறு.

தவறி அது போயிருந்தால், அல்லது இனிமேல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். RTGS இப்போது 24 மணி நேரமும் ஓடுகிறது. பேங்க் நேரம் முடிந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்ற பாதுகாப்பு இல்லை. போன பணத்தை நாமாகத் திரும்ப எடுக்க முடியாது. இங்கே போவது குறைவான தொகை என்பதால் பணம் நஷ்டமில்லைதான். ஆனால் சோதனை முடியுமுன்பே கழித்துவிட்டார்கள் என்று வியாபாரி நினைப்பார். அடுத்த லோடுக்கு அவர் விலை சொல்லும்போது அது தெரியும். ரிசல்ட் 12-க்குள் வந்துவிட்டால் 9,880-ஐத் தனியாக அனுப்பி, தரக் கழிவுக்குப் போட்ட டெபிட் நோட்டையும் ரத்து செய்ய வேண்டும்.

இப்போது உங்களிடம் நான் கேட்பது:

நெட் பேங்கிங் அப்ரூவல் லிஸ்ட்டில் இந்த வியாபாரி பெயரில் எந்தத் தொகை இருந்தாலும் அதை அப்படியே விட்டுவைக்காமல் ரிஜெக்ட் கொடுத்துவிடுங்கள் சார். செந்திலிடம் 11.50-க்குப் பேசினேன், இன்னும் எதுவும் ஏற்றவில்லை என்றார். எனவே லிஸ்ட் காலியாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிட்டால் நிம்மதி.

அந்த மெசேஜையோ ஃபைலையோ முதலாளிக்கோ வேறு யாருக்கோ ஃபார்வர்டு செய்திருந்தால், யாருக்கு என்று மட்டும் சொல்லுங்கள். நான் இங்கே அழித்தாலும் ஃபார்வர்டு ஆன காப்பி அழியாது. அவர்களிடம் நானே பேசி விளக்கிவிடுகிறேன், உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

PDF-ஐத் திறந்து பார்த்திருந்தால் போனின் டவுன்லோடு ஃபோல்டரில் ஒரு காப்பி தங்கியிருக்கலாம். மேலே சொன்ன ஃபைல் பெயரைத் தேடி அழித்துவிடுங்கள் சார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருப்பீர்கள், அதிலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ஒருவேளை நீங்கள் வியாபாரியிடம் இந்தத் தொகையை ஏற்கெனவே சொல்லியிருந்தால் உடனே தெரியப்படுத்துங்கள். 4 மணிக்கு முன்பே அவரிடம் பேசி, சோதனை இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுவேன்.

இன்று காலை என்னிடமிருந்து வந்த மற்ற மெசேஜ்கள் உங்களுக்கானவைதான், அவற்றை விட்டுவிட வேண்டாம். 9.15-க்கு அனுப்பிய எடைமேடைச் சீட்டின் போட்டோ சரி. 10.30-க்கு அனுப்பிய, சனிக்கிழமை லோடுக்கு அட்டைப்பெட்டி பற்றாக்குறை என்ற மெசேஜும் சரி. அதற்கு உங்கள் பதில் வேண்டும் சார், பெட்டிக்காரர் மாலைக்குள் ஆர்டர் கேட்கிறார்.

4 மணிக்கு ரிசல்ட் வந்ததும் லேப் சீட்டோடு தனி மெயில் அனுப்புகிறேன். 12 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் தொகை ரூ. 5,82,920. அதற்கு மேல் 14 வரை இருந்தால், வியாபாரியிடம் சீட்டைக் காட்டிய பிறகு, உங்கள் சம்மதம் எழுத்தில் கிடைத்தால் மட்டும் ரூ. 5,73,040. 14-ஐத் தாண்டினால் பணமே கேட்கமாட்டேன், லோடைத் திருப்பி அனுப்புவதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஈரத்தில் அரைத்தால் மாவு கட்டி தட்டும், இட்ட அப்பளம் ஒரு வெயிலில் காயாது, கட்டுக்குள் போய்ப் பூசணம் பிடிக்கும். பில் கெடு சனிக்கிழமைதான், எனவே எந்த வழியானாலும் நேரம் இருக்கிறது. ரிசல்ட் வரும்வரை 100 மூட்டையும் குடோனில் தனி அட்டியாகவே இருக்கும், அரவைக்குப் போகாது.

இது எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். என் போனில் நீங்கள் "செந்தில் சார்", அவர் "செந்தில் அக்கவுண்ட்ஸ்". ஃபைலை ஷேர் செய்யும்போது கடைசியாகப் பேசியவர் பெயர்தான் மேலே வரும். அட்டைப்பெட்டி மெசேஜை உங்களுக்கு அனுப்பியிருந்ததால் உங்கள் பெயர் முதலில் நின்றது, முழுப் பெயரைப் படிக்காமல் தொட்டுவிட்டேன். இப்போது உங்கள் பெயரை "மேனேஜர்" என்றும் அவர் பெயரை "கணக்கு – செந்தில்" என்றும் மாற்றிவிட்டேன். பணம் சம்பந்தமான எதையும் இனி வாட்ஸ்அப்பில் அனுப்பமாட்டேன். பில், எடைச் சீட்டு, லேப் சீட்டு மூன்றும் இணைத்த மெயில் என்னிடமிருந்து வந்தால் மட்டும் அதைப் பணம் கேட்பதாக எடுத்துக்கொள்ளுங்கள் சார்.

மெசேஜ் பேச்சு வழக்கில், "வையி" என்று இருந்ததையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். செந்தில் என்னைவிட வயதில் சின்னவர், அவரிடம் அப்படித்தான் பேசுவேன்.

இதைப் பார்த்ததும் "அப்ரூவ் பண்ணலை" என்று ஒரு வரி மட்டும் பதில் போட்டால் போதும் சார். 12.30 வரை பதில் வராவிட்டால் மறுபடி போன் செய்கிறேன், நீங்கள் எடுக்க முடியாவிட்டால் மீட்டிங் ஹாலுக்கே வந்து ஒரு நிமிடம் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ரா. கவிதா
கொள்முதல் பிரிவு, கப்பலூர்
செவ்வாய்க்கிழமை, பகல் 12.05