பணம் வந்து சேர்ந்தது அக்கா, மிக்க நன்றி

பிறை, பினாங்கு
6 ஜனவரி 2026, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நேற்று மாலை நீங்கள் அனுப்பிய 6,090 வெள்ளி எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. டிசம்பர் 12-ஆம் தேதி பில்லுக்கான முழுத் தொகை. கெடு 11-ஆம் தேதி வரைக்கும் இருந்தது, நீங்கள் ஆறு நாள் முன்னாலேயே அடைத்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி அக்கா. ரசீது இத்துடன் இருக்கிறது, உங்கள் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸாப்பில் கையெடுத்துக் கும்பிடும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் இந்த முறை அந்தப் பணம் எந்த நேரத்தில் வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் பழையபடி ஜனவரியிலேயே திறக்கிறது. நம் பக்கத்தில் 12-ஆம் தேதி. மில்லில் வேலை செய்கிற ஆறு பேரில் நான்கு பேருக்குப் பள்ளிப் பிள்ளைகள். சட்டை, சப்பாத்து, புத்தகப்பை, பேருந்துக் கட்டணம் என்று எல்லாமே ஒரே வாரத்தில் வந்து நிற்கும். சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கொடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் டிசம்பர் கடைசியில் மிளகாய் மூட்டைகள் துறைமுகத்துக்கு வந்து இறங்கியதால் கையில் இருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டது. இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் மாதக் கடைசியில்தான் தருவார்கள். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பணம் வந்தது. இன்று காலை நான்கு பேருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டேன். பொட்டலம் கட்டும் அக்கா ஒருவர் மதியமே பட்டர்வொர்த் போய் மகளுக்குச் சீருடை வாங்கிவிட்டு வந்து எல்லாருக்கும் காட்டினார். அந்தச் சந்தோஷத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பர் சரக்கில் இறைச்சி மசாலா ஐந்து கிலோ பைகள் இரண்டு கிழிந்து, மழைநீர் பட்டு வந்தன. படம் எடுத்து அனுப்பினீர்கள். "பரவாயில்லை தம்பி, லோரிக்காரரைத் திட்டாதே" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். பணம் அனுப்பும்போது அந்தப் பத்துக் கிலோவைக் கழித்துக்கொண்டு அனுப்புவீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன், அது நியாயமும்கூட. நீங்கள் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை. அதற்காக அதை நாங்கள் மறந்துவிட முடியாது அக்கா. கிலோ 21 வெள்ளி வீதம் 210 வெள்ளி உங்கள் பணம். அதற்குக் கிரெடிட் நோட் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்து எப்போது சரக்கு எடுத்தாலும் அதில் கழிந்துவிடும். சரக்கு எடுக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கே வங்கியில் திருப்பிப் போட்டுவிடுகிறேன். லோரிக்காரரைத் திட்டவில்லை. மழைக்காலம் முடியும்வரை மூட்டைகளுக்கு மேலே இரண்டு தார்ப்பாய் விரிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நேற்று இரவே எழுதிவிட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார். நான் முதல் பத்தியிலேயே தைப்பூச ஆர்டரைப் பற்றிக் கேட்டிருந்தேன். "நன்றி சொல்ல வந்தவன் முதலில் நன்றியை முழுசாகச் சொல்லு. அவள் பணம் கொடுத்த கை காய்வதற்குள் அடுத்த பில்லை நீட்டுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். பிரிக்பீல்ட்ஸில் உங்கள் மாமியார் சாப்பாட்டுக் கடை நடத்திய காலத்தில், அப்பா ரயிலில் மசாலா மூட்டை கொண்டுவந்து இறக்கும்போது பெரியம்மா முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் கணக்குப் புத்தகத்தை எடுப்பாராம். அப்படி வந்த உறவு இது. அதனால் மேலே இருப்பதை எல்லாம் புதிதாக எழுதினேன். அடுத்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பக்கம் அன்றைக்கே கூட்டரசுப் பிரதேச தினமும் சேர்ந்து வருகிறது. திங்களும் விடுமுறை என்பதால் பத்துமலையில் இந்த முறை கூட்டம் அதிகமாக இருக்கும் என்று இங்கே எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். போன வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. அப்போது அன்னதானத்துக்கு நீங்கள் எடுத்தது இது: சாம்பார்த் தூள் 80 கிலோ, ரசப்பொடி 30 கிலோ, மஞ்சள் தூள் 10 கிலோ, மிளகுத் தூள் 12 கிலோ. ரதத்தோடு நடந்து வந்தவர்களுக்கு விடிய விடியச் சமைத்துப் போட்டதாகவும், ரசம்தான் முதலில் தீர்ந்ததாகவும் பிறகு சொன்னீர்கள்.

இந்த முறையும் பந்தல் போடுகிறீர்களா, அதே அளவா, கூடுதலா, குறைவா என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் எதையும் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. விலை மட்டும் சொல்லி வைக்கிறேன், கணக்குப் போட உதவும். சாம்பார்த் தூள் 22 வெள்ளி, ரசப்பொடி 24, மஞ்சள் 18, மிளகுத் தூள் 48. போன வருஷ அளவையே எடுத்தால் மொத்தம் 3,236 வெள்ளி. 210 கழிந்து 3,026 கட்டினால் போதும். தவணை வழக்கம்போல 30 நாள்தான், அதில் மாற்றம் இல்லை.

தேதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஆர்டர் ஐந்து நாள் முன்னால்தான் உறுதியானது. நாங்கள் இரவில் மிஷின் ஓட்டி அரைத்துக் கொடுத்தோம். சரக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தது, ஆனால் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மல்லியையும் பருப்பையும் வறுத்த சூட்டோடு அரைத்தால் தூளில் சூடு நிற்கும். அதை ஓர் இரவு முழுக்கப் பரப்பி ஆறவிட்டுத்தான் பையில் போட வேண்டும். அவசரத்தில் கட்டினால் பைக்குள் வேர்த்து, தூள் கட்டி தட்டும், மணமும் சீக்கிரம் போய்விடும். போன முறை கடைசிப் பைகளில் கொஞ்சம் அப்படி ஆகியிருக்கலாம், நீங்கள் குறை சொல்லவில்லை. சாமிக்கென்று சமைப்பவர்களுக்கு அப்படிக் கொடுக்க எனக்கு மனமில்லை. தைப்பூசச் சரக்கு அரைக்கும் நாளில் மிஷினை முழுவதும் கழற்றிக் கழுவிக் காயவைத்து, காலையில் முதல் வேலையாக அதைத்தான் அரைப்போம். விரதம் இருக்கும் நம் ஆள்கள்தான் அந்த மிஷினில் நிற்பார்கள். அதற்கும் ஒரு நாள் வேண்டும்.

அதனால் ஜனவரி 16, வெள்ளிக்கிழமைக்குள் தோராயமாக ஓர் அளவு சொன்னீர்கள் என்றால் எங்களுக்கு நிதானமாக இருக்கும். கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் 19 வரைக்கும் தாங்கும். லோரி 22-ஆம் தேதி வியாழன் இரவு இங்கிருந்து கிளம்பி, வெள்ளி அதிகாலையில் உங்கள் கடை வாசலில் நிற்கும். அதற்கு அடுத்த வாரம் தண்ணீர்மலைக்குத் தேங்காயும் சாமானும் ஏற்றுவதில் இந்தப் பக்கத்து லோரிகள் எல்லாம் ஓய்வில்லாமல் ஓடும், வண்டி கிடைப்பது சிரமம்.

பில் பற்றி ஒரு சின்ன மாற்றம். இந்த ஜனவரி முதல் எங்கள் மில்லும் இ-இன்வாய்ஸ் முறைக்கு வந்துவிட்டது. வருமான வரி வாரியத்தின் MyInvois வழியாகத்தான் இனி பில் போகும். நீங்கள் பார்க்கும்போது பழைய பில் மாதிரியே இருக்கும், ஒரு ஓரத்தில் கியூஆர் குறி மட்டும் புதிதாக இருக்கும். அதற்கு உங்கள் பக்கத்திலிருந்து மூன்று விவரம் தேவை: வரி எண், எஸ்எஸ்எம் பதிவு எண், பில்லில் வர வேண்டிய சரியான முகவரி. கடை உங்கள் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தால் வரி எண் IG என்று தொடங்கும். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை ஒரு தடவை அனுப்பி வையுங்கள், பிறகு கேட்க மாட்டேன். பில் வந்ததும் தொகையையும் பெயரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அந்தப் பில்லையே ரத்து செய்து புதிதாகப் போடலாம். அதற்குப் பிறகு என்றால் கிரெடிட் நோட், டெபிட் நோட் என்று வேலை இழுக்கும்.

22-ஆம் தேதி சரக்கு கிளம்பினால் பில்லும் அன்றைய தேதியிலேயே வரும். கெடு பிப்ரவரி 21. இடையில் 17, 18 சீனப் பெருநாள், மில் அடைத்திருக்கும். அதை ஒட்டியே நோன்பு மாதமும் தொடங்குகிறது. பிரியாணி ஆர்டர்களுக்குக் கறித்தூள் வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம், இப்போது அவசரமில்லை.

அக்கா, இந்த வருஷம் பந்தல் இல்லை என்றாலும், வேறு இடத்தில் எடுப்பதாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். அதற்காக நேற்று வந்த பணத்துக்குச் சொன்ன நன்றி குறைந்துவிடாது. அன்னதானத்துக்கு எங்கள் பங்காக ரசப்பொடி ஐந்து கிலோ எப்படியும் அனுப்புகிறேன், அது பில்லில் வராது. ரசம் முதலில் தீர்ந்தது என்று நீங்கள் சொன்னது அம்மாவுக்கு நினைவிருக்கிறது, அவர் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மாமாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? படியேற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி குமரன்
மசாலா மில், பிறை

இணைப்பு: 6,090 வெள்ளிக்கான ரசீது, 210 வெள்ளிக்கான கிரெடிட் நோட்